விடுப்புக் கடிதத்தில் விட்டுப்போன ஒரு வரி

முடி நட்டுக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நட்ட முடி வளர்ந்து, இரண்டு முறை வெட்டியும் ஆயிற்று. அந்த சிகிச்சையைப் பற்றி இப்போது எனக்குப் பெரிய நினைப்பு எதுவும் இல்லை. அதற்காக மேலாளருக்கு நான் எழுதிய விடுப்புக் கடிதம் மட்டும் இன்னும் மனசில் உறுத்திக்கொண்டிருக்கிறது. கடிதங்கள் என்று சொல்ல வேண்டும். ஒன்றில் முடிந்திருக்க வேண்டியதை இரண்டாக எழுதினேன், இரண்டும் தப்பாகப் போயின.

முதல் கடிதம் இது: "சொந்த வேலை காரணமாக வெள்ளி, திங்கள் ஆகிய இரண்டு நாட்கள் விடுப்பு தேவைப்படுகிறது. செவ்வாய் அன்று பணிக்குத் திரும்புவேன்." அதில் பொய் எதுவும் இல்லை. சொந்த வேலைதான். ஆனால் அந்த இரண்டு நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். சிகிச்சை மையத்தில் தேதி குறித்துக் கொடுத்தவர், "வெள்ளிக்கிழமை பண்ணிக்கிட்டா திங்கட்கிழமை வேலைக்கே போயிடலாம் சார்" என்றார். நான் அதோடு ஒரு நாள் சேர்த்துக்கொண்டு, ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதும் ஒரு கணக்கில் உண்மைதான். எனக்குச் செய்தது எஃப்யூஇ முறை. பின்னந்தலையில் முடியை ஒட்ட மழித்துவிட்டு, ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத வட்ட முனையுள்ள கருவியால் வேர்களை ஒவ்வொன்றாக எடுத்து, முன்பக்கம் கீறிய சிறு துளைகளில் வைப்பார்கள். எடுக்கும் ஒவ்வொன்றையும் கிராஃப்ட் என்பார்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். எனக்கு 2,200 கிராஃப்ட். காலையில் படுத்தவன் எழுந்தபோது மாலையாகிவிட்டது. மரத்துப்போவதற்கு ஊசி போடும் முதல் சில நிமிடங்கள்தான் கஷ்டம், அப்புறம் வலி தெரியவில்லை. அன்று இரவு ஒரு மாத்திரையோடு சரி. மறுநாள் வலி என்று சொல்ல எதுவுமில்லை. வலியை வைத்துப் பார்த்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போயிருக்கலாம்தான்.

விடுப்பு எடுக்க வேண்டியது வலிக்காக இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தபோது நெற்றி மேடு தட்டியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மரத்துப்போகச் செலுத்திய மருந்தும் உப்பு நீரும், அத்தனை துளை போட்டதால் தோலுக்கடியில் ஊறிய நீரும் எங்கேயாவது வடிந்தாக வேண்டும். தலை உச்சியிலிருந்து அது கீழ்நோக்கித்தான் இறங்கும். முதலில் நெற்றி, பிறகு மூக்கின் மேடு, பிறகு கண் இமைகள். திங்கட்கிழமை காலையில் இடது கண் கோடு மாதிரிதான் திறந்தது. வலது கண் பரவாயில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் என் முகம் என் முகமாக இல்லை. மையத்துக்குப் போன் செய்தேன். மருத்துவரே பேசினார். "மூணாவது நாள்தானே, இன்னைக்கும் நாளைக்கும்தான் அதிகமா இருக்கும், அஞ்சாவது நாள் வடிய ஆரம்பிச்சிடும்" என்றார். அவருக்கு இது நிறையப் பேருக்கு வருகிற, தானாகவே போகிற ஒன்று. அது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கடிதத்தில் இரண்டு நாள் என்று எழுதியிருக்க மாட்டேன்.

அப்போது எழுதியதுதான் இரண்டாவது கடிதம். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, போனில் தட்டினேன். "மேடம், வெள்ளிக்கிழமை எனக்குத் தலையில் ஒரு சிறு அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்று முகம் வீங்கி, கண் திறக்க முடியவில்லை. இந்த வாரம் முழுவதும் பணிக்கு வர இயலாது. அனுமதிக்கவும்."

எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி. உண்மையைச் சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டாததைச் சொல்லவும் இல்லை என்று நினைத்தேன்.

அந்த போன்

பத்து நிமிடத்தில் போன் வந்தது. நான் சாய்ந்து படுத்திருந்தேன், மனைவிதான் எடுத்தாள். மேலாளரின் குரல் எனக்கே கேட்டது. "எந்த ஆஸ்பத்திரியில இருக்கார்? நினைவோட இருக்காரா? ஸ்கேன் எடுத்தாங்களா?" மனைவி என்னைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "வீட்லதான் இருக்கார் மேடம், நல்லாத்தான் இருக்கார்" என்றாள். "கண்ணு திறக்க முடியலன்னு எழுதியிருக்காரே?" என்று திரும்பக் கேட்டது குரல். அந்தக் குரலில் அதிகாரமோ சந்தேகமோ இல்லை. நடுக்கம்தான் இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு முந்தைய வருடம் அவருடைய தம்பிக்கு மூளையில் கட்டி வந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. மாதக்கணக்கில் அவர் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்குமாக ஓடியதை நாங்கள் எல்லாரும் பக்கத்திலிருந்து பார்த்தோம். அப்படிப்பட்டவருக்குத்தான், 'தலையில் அறுவைச் சிகிச்சை', 'முகம் வீக்கம்', 'கண் திறக்கவில்லை' என்ற மூன்று சொற்களை அடுத்தடுத்து எழுதி அனுப்பியிருக்கிறேன். என் வெட்கத்தை மறைக்கத் தேர்ந்தெடுத்த சொற்கள், அவருக்கு மறுபடியும் அந்த வராந்தாவையே ஞாபகப்படுத்தியிருக்கின்றன.

போனை வாங்கினேன். "மேடம், முடி நட்டுக்கிட்டேன். அவ்வளவுதான். ஆபத்து ஒண்ணுமில்ல. வீக்கம் ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்னு டாக்டர் சொல்லிட்டார்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பெருமூச்சு. "அப்பாடா" என்றார். அப்புறம் அவர் சொன்னதைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். "என்ன சிகிச்சைன்னு சொல்ல விருப்பமில்லன்னா சொல்ல வேண்டாம்ப்பா. அது உங்க இஷ்டம். ஆபத்தில்லைன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே."

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. இந்த வாரம் பார்க்க வேண்டிய வேலையை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார், நான் சொன்னேன், குறித்துக்கொண்டார். போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு நிலைகொள்ளவில்லை. அந்தரங்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் செய்தது வேறு. சிகிச்சையின் பெயரை மறைக்க எனக்கு முழு உரிமை உண்டு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பெயரை மறைப்பதற்கும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மறைப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு அன்றுவரை என் கண்ணுக்குத் தெரியவில்லை. 'தலை' என்ற சொல்லை எழுதாமல் 'தோலின் மேற்புறத்தில் செய்யும் சிறு சிகிச்சை' என்று எழுதியிருந்தாலே போதும். அதுவும் உண்மைதான். எங்கே என்று சொல்லாது, யாரையும் பதற வைக்கவும் செய்யாது.

சான்றிதழ் என்ற இன்னொரு சிக்கல்

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. விடுப்பு நீண்டதால் பணியாளர் பிரிவில் மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். மையத்தில் கேட்டதும் உடனே அனுப்பிவிட்டார்கள். திறந்து பார்த்தால், தாளின் உச்சியில் மையத்தின் பெயர், அதிலேயே முடி என்ற சொல், பக்கத்தில் சீப்புப் படம். உள்ளே ஒரு வரிகூடப் படிக்க வேண்டாம், தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும். மறுபடி கேட்டபோது, மருத்துவர் தன் சொந்தத் தாளில், தன் பதிவு எண்ணோடு, "சிறு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது, இந்தத் தேதி வரை ஓய்வு தேவை" என்று எழுதித் தந்தார். கேட்டால் கிடைக்கிற விஷயம்தான். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அது எந்தக் கணக்கில் வரும் விடுப்பு என்பதையும் அப்போதுதான் யோசித்தேன். அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சையைப் பல நிறுவனங்கள் மருத்துவ விடுப்பில் சேர்ப்பதில்லை. நோயில்லை, நாமே தேதி குறித்துப் போய்ச் செய்துகொள்வது. ஆகவே ஈட்டிய விடுப்பைக் கேட்பதுதான் நேர்மையானது என்று எனக்குப் படுகிறது. அதில் காரணம் விளக்கவேண்டிய கட்டாயமும் குறைவு. பின்னால் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தால் அது வேறு, அது நோய், அதற்கு மருத்துவ விடுப்பைத் தயங்காமல் கேட்கலாம். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பக்கூடாது.

தம்பி ஒருவனுக்காக உட்கார்ந்து எழுதியது

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தவன் எங்கள் அலுவலகத்து இளைஞன். ஒரு நாள் மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றான். என் தலையைப் பார்த்துத்தான் வந்திருக்கிறான் என்று புரிந்தது. அவனும் தேதி வாங்கிவிட்டான். மேலாளருக்கு எழுதிய கடிதத்தைப் போனில் காட்டினான். "தவிர்க்க முடியாத காரணத்தால் மூன்று நாள் விடுப்பு." என் முதல் கடிதத்தை வேறு கையெழுத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

ஒரு தாளை எடுத்து நாட்களை வரிசையாக எழுதினோம். அவனுடைய சிகிச்சை 5ஆம் தேதி, வியாழக்கிழமை. அதைப் பூஜ்யம் என்று வைத்தோம். 6ஆம் தேதி வெள்ளி, மையத்துக்குப் போய்ப் பின்னந்தலைக் கட்டைப் பிரிக்க வேண்டும். 7 அல்லது 8ஆம் தேதி முதல் தலைக்குளியல். குளியல் என்றால் நாம் வழக்கமாகக் குளிப்பது இல்லை. ஷாம்பூ நுரையை உள்ளங்கையில் எடுத்துத் தலைமேல் வைத்து ஒற்றி, கோப்பையில் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றுவது. தேய்க்கவே கூடாது, ஷவரின் வேகம் நேரே படவும் கூடாது. 8 முதல் 10 வரை, ஞாயிறு தொடங்கிச் செவ்வாய் வரை, வீக்கம். எல்லாருக்கும் வரும் என்றில்லை, ஆனால் வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

"அதுக்கப்புறம் புதன்கிழமை வந்திடலாமில்ல அண்ணே?" என்றான். அங்கேதான் நான் நிறுத்தினேன். வீக்கம் வடிந்தாலும் நட்ட இடமெல்லாம் பொருக்கு இருக்கும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கடுகளவு, கருஞ்சிவப்பாக. அரிக்கும். என் கை தூக்கத்தில் இரண்டு முறை தலைக்குப் போனது, மனைவி பிடித்து இறக்கினாள். பொருக்கைப் பிய்த்தால் அதோடு கிராஃப்டும் வந்துவிடக்கூடும் என்பதுதான் பயம். பெர்ன்ஸ்டீன், ராஸ்மேன் என்ற இரண்டு மருத்துவர்கள் 2006இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டு நாளில் முடியைப் பிடித்து இழுத்தால் கிராஃப்ட் வந்துவிடுகிறது. ஆறாம் நாளுக்குள் முடியை இழுத்தாலும் வேர் வருவதில்லை. ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருக்கைப் பிய்த்தால் எட்டாம் நாள்வரைகூட ஆபத்து இருக்கிறது. ஒன்பதாம் நாளிலிருந்து வேர் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. மருத்துவர்கள் பத்து நாள் என்று சொல்வது ஏன் என்று அதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அதுவரைக்கும் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்க வேண்டும், குனிந்து பாரம் தூக்கக்கூடாது, வியர்க்க வியர்க்க வேலை செய்யக்கூடாது, தலையை உயர்த்தி வைத்துச் சாய்ந்துதான் தூங்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் தலை நிறையப் பொருக்கோடு நாலு பேருக்கு நடுவே உட்கார மனசு வருமா என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். அவன் தலையை ஆட்டினான், வராது என்று.

ஆக, பத்தாம் நாள் 15ஆம் தேதி, ஞாயிறு. 16ஆம் தேதி திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். நடுவில் போகும் வேலை நாட்கள் ஏழு. மூன்று நாள் கேட்டு, பிறகு நான்கு நாள் நீட்டி, நடுவில் விளக்கம் சொல்லி, என்னைப் போலத் தவிப்பதற்குப் பதில் ஏழு நாளை ஒரே தடவையில் கேட்டுவிடலாம். வீக்கம் வராமல் போனால் 11ஆம் தேதியே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று சேர்த்துக்கொள்ளலாம், கேமராவை மட்டும் அணைத்து வைத்துக்கொண்டு. கேட்ட விடுப்பைக் குறைத்துக்கொள்வது யாருக்கும் சிரமம் தராது.

இன்னொன்று எனக்கே தோன்றியிருக்காது, அவன் வேலையால் வந்தது. அவன் வாரத்தில் இரண்டு நாள் கட்டுமான இடங்களுக்குப் போய்ப் பார்க்கிறவன். அங்கே தலைக்கவசம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. கவசத்தின் உள்பட்டை சரியாக நெற்றி விளிம்பில், புதிதாக நட்ட வரிசையின் மேல்தான் அழுந்தும். வெயிலும் வியர்வையும் வேறு. அவனுடைய மருத்துவர் இரண்டு வாரம் கவசம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதை அவன் கடிதத்தில் எழுதவே இல்லை. 16ஆம் தேதி வேலைக்கு வந்து, 17ஆம் தேதி வெளியிடத்துக்குப் போகச் சொன்னால் என்ன சொல்வான்? அப்போது வாசலில் நின்று சொல்லும் காரணம் சாக்குப்போக்காகத்தான் கேட்கும். ஆகவே 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை வரை அலுவலக வேலை மட்டும், 23ஆம் தேதி திங்கள் முதல் வெளியிடங்கள் என்று எழுதினோம். விடுப்பு முடிவதும் உடம்பு பழையபடி ஆவதும் ஒரே தேதியில் வருவதில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதினால் மேலாளருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்க வசதி.

கடைசியில் வந்த கடிதம் இப்படி இருந்தது. அவன் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்.

"வணக்கம் மேடம். 5ஆம் தேதி எனக்குத் தோலின் மேற்புறத்தில் ஒரு சிறு சிகிச்சை நடக்க இருக்கிறது. முன்பே திட்டமிட்டது, ஆபத்தில்லாதது, அன்றே வீடு திரும்பிவிடுவேன். ஆறும் வரை ஓய்வு தேவை என்பதால் 5 முதல் 13ஆம் தேதி வரை ஏழு வேலை நாட்கள் ஈட்டிய விடுப்பு கேட்கிறேன். 16ஆம் தேதி பணிக்குத் திரும்புவேன். மருத்துவர் அறிவுரைப்படி 20ஆம் தேதி வரை தலைக்கவசம் அணியவும் பாரம் தூக்கவும் முடியாது. அதுவரை அலுவலக வேலைகளைக் கொடுத்தால் உதவியாக இருக்கும். வெளியிட ஆய்வுகளில் 9, 11 தேதிகளில் உள்ளவற்றை என் குழுவில் இருப்பவரிடம் பேசி ஒப்படைத்துவிட்டேன். முதல் ஐந்து நாட்கள் போனில் பேச இயலாமல் போகலாம், அவசரம் என்றால் செய்தி அனுப்பினால் பார்த்துப் பதில் தருகிறேன்."

தலைக்கவசம் என்று எழுதினால் தலை என்பது தெரிந்துவிடாதா என்று கேட்டான். தெரியும்தான். ஆனால் அதற்கு முன்னால் 'ஆபத்தில்லாதது' என்ற சொல்லைப் படித்துவிட்டுத்தான் அவர் அந்த வரிக்கு வருவார். அந்த வரிசைக்காகவே இரண்டாவது வாக்கியத்தை மேலே ஏற்றினோம். அவன் முதலில் அதைக் கடைசியில் வைத்திருந்தான். நான் விடவில்லை.

இந்தக் கடிதத்தை சிகிச்சைக்கு நான்கு வாரம் முன்பே கொடுத்தான். தேதியைக் குறிப்பது நம் கையில் இருக்கும்போது, முந்தின நாள் சொல்வதற்குக் காரணமே இல்லை. மேலாளர், "சரி, உடம்பைப் பார்த்துக்கோ" என்று பதில் எழுதினார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவனுக்கும் நெற்றி வீங்கியது, கண்வரை இறங்கவில்லை. ஆறாம் நாள் எனக்குப் படம் அனுப்பி, "அண்ணே, இந்த இடம் மட்டும் சிவப்பா இருக்கு, சரியா?" என்று கேட்டான். நான் மருத்துவன் இல்லை. சிவப்பு நாளுக்கு நாள் குறைகிறதா கூடுகிறதா, தொட்டால் சுடுகிறதா, வலி புதிதாக வருகிறதா, சீழோ காய்ச்சலோ உண்டா, எங்காவது தோல் கறுத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். எதுவும் இல்லை என்றான். இருந்தாலும் படத்தை மையத்துக்கு அனுப்பச் சொன்னேன், அனுப்பினான், சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

16ஆம் தேதி காலை தளர்வான தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான். பொருக்கெல்லாம் போயிருந்தது, முன்னால் இளஞ்சிவப்பு, பின்னால் மழித்த இடத்தில் முள் முள்ளாக முடி. இன்னும் சில வாரத்தில் நட்ட முடியில் பெரும்பாலானது கொட்டிவிடும், பயந்துவிடாதே, வேர் உள்ளேதான் இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும் என்று அவனிடம் மெதுவாகச் சொன்னேன். தெரியும் என்றான். மேலாளர் எங்களைக் கடந்து போனவர் நின்றார். அவன் தொப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கடிதம் நீங்க எழுதிக் கொடுத்ததா?" என்று என்னிடம் கேட்டார். "சேர்ந்து எழுதினோம் மேடம்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, 23ஆம் தேதி எந்த இடத்துக்கு முதலில் போகப் போகிறான் என்று அவனிடம் கேட்டுக்கொண்டே நடந்தார்.